பழைய பொடி நின்னு போச்சா?

போன வருஷம் புரட்டாசி மாசத்துல ஒரு வியாழக்கிழமை, ராத்திரி எட்டரை மணி இருக்கும், எங்க வீட்டுப் பொடி வாங்கற எல்லாருக்கும் ஒரு வாட்ஸப் மெசேஜ் அனுப்பினேன். புதுசா மூணு பொடி வந்திருக்குன்னு. பன்னெண்டு வருஷமா சாம்பார் பொடி ஒண்ணை மட்டுமே அரைச்சு வித்துட்டு இருந்த எங்க அம்மா, முதல் தடவையா கொள்ளு ரசப்பொடி, மீன் குழம்பு பொடி, கறிக்குழம்பு பொடின்னு மூணு வறுத்து அரைச்சு, அக்கம்பக்கம் எல்லாருக்கும் குடுத்து ருசி பாக்க சொல்லி, நாலு மாசமா அளவு மாத்தி மாத்தி ஒருவழியா இதுதான்னு முடிவு பண்ணியிருந்தாங்க. அதை ஊருக்கு சொல்ற வேலை மட்டும்தான் என்னோடது. அந்த மெசேஜை எழுத எனக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு, ஆனா அதை சரி பண்ண அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரத்தைப் பத்திதான் எழுத உக்காந்திருக்கேன், ஏன்னா நம்ம பக்கம் வீட்டுல பொடி, ஊறுகாய், வடகம்னு போட்டு விக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, எல்லாருமே நான் அனுப்புன மாதிரியே ஒரு மெசேஜைத்தான் அனுப்பறாங்க, எனக்கும் வாரத்துக்கு ரெண்டு வருது.

முதல் மெசேஜை மறைக்காம அப்படியே போடறேன்.

"அன்பான வாடிக்கையாளர்களே! நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த நமது புத்தம் புதிய மசாலா வகைகள் இதோ! பாரம்பரிய முறையில், இயற்கையான பொருட்களால் தயாரிக்கப்பட்ட கொழுப்பைக் கரைக்கும் கொள்ளு ரசப்பொடி, மணமணக்கும் மீன் குழம்பு பொடி, சுவையான கறிக்குழம்பு பொடி. இனி உங்கள் சமையலறையில் புதிய சுவை! ஆர்டருக்கு முந்துங்கள்!"

இதோட மூணு பாக்கெட் படம் போட்ட ஒரு போஸ்டர், அதுல விலை எழுதியிருந்துச்சு. அனுப்பிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். மறுநாள் சாயங்காலத்துக்குள்ள 27 பேர் பதில் போட்டாங்க. ஆர்டர் நாலு. மிச்சத்துல 11 பேர் கேட்டது ஒரே கேள்வி, வேற வேற வார்த்தையில. "அப்ப சாம்பார் பொடி இல்லையா?" "பழைய பொடி நிறுத்திட்டீங்களா அக்கா?" "புதுசு வேணாம், பழசே ரெண்டு கிலோ கெடைக்குமா, இருக்கறப்பவே வாங்கி வெச்சுக்கறேன்."

எனக்கு கோவம்தான் வந்துச்சு முதல்ல. சாம்பார் பொடியைப் பத்தி நான் ஒரு வார்த்தைகூட சொல்லலையே, அது எப்படி நின்னு போச்சுன்னு இவங்களா நெனைச்சுக்கறாங்கன்னு. அம்மாகிட்ட காட்டுனேன். அம்மா படிச்சு பாத்துட்டு, "ஒரு வார்த்தை சொல்லலல்ல, அதான்" அப்படின்னாங்க. அப்ப எனக்கு அது புரியல.

பென்னாகரத்துல இருந்து வந்த போன்

சனிக்கிழமை காலையில பென்னாகரத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. எட்டு வருஷமா எங்க பொடி வாங்கறவங்க, வயசு எழுபதுக்கு மேல இருக்கும், என்னை பாப்பான்னுதான் கூப்பிடுவாங்க. மெசேஜை அவங்க பேரன் படிச்சு காட்டியிருக்கான். அவங்க கேட்டதை ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதறேன்.

"ஏம்மா பாப்பா, என்னமோ புதுசு புதுசுன்னு அனுப்பியிருக்கியாம். எங்க வீட்டுக்கு வர்ற பொடி அதேதானே?"

"அதேதான்மா. அது எப்பவும் போல இருக்கு. இது வேற, மீன் குழம்புக்கு தனியா போட்டிருக்கோம்."

"மீன் குழம்புக்கும் நான் உன் சாம்பார் பொடியைத்தானே போடறேன். அது நல்லாத்தானே இருக்குது. அதுக்கு எதுக்கு தனியா?"

நான் சொல்ல ஆரம்பிச்சேன், இதுல பருப்பு இல்லம்மா, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்னு. உடனே அவங்க கேட்டாங்க: "அப்ப எத்தன ஸ்பூன் போடறது? நான் உன் பொடி மூணு போடுவேன்."

எனக்கு பதில் தெரியல. அரை கிலோ மீனுக்கு அம்மா எவ்ளோ போடறாங்கன்னு தெரியும், ஆனா அவங்க மூணு ஸ்பூன்னு சொல்றது எந்த ஸ்பூன்? கேட்டேன். மிளகாப்பொடி டப்பாவுல கெடக்கற ஸ்பூன்னு சொன்னாங்க. அம்மாகிட்ட கேட்டுட்டு கூப்பிடறேன்னு சொல்லி வெச்சேன்.

அந்த போனுக்கு அப்புறம்தான் நான் பண்ண தப்போட அளவு எனக்கு தெரிஞ்சுது. நான் எழுதுனது ஒரு புது ஆளுக்கு எழுதற மெசேஜ். எங்களை தெரியாத ஒருத்தர் கடையில நின்னு பாக்கெட்டை பாக்கறாரு, அவருக்கு பாரம்பரியம், மணம், சுவைன்னு ஏதோ ஒண்ணு சொன்னாத்தான் கையில எடுப்பாரு. ஆனா இந்த 300 பேரும் எங்க பொடியை மாசாமாசம் சாப்பிடறவங்க. அவங்க நாக்குல எங்க சாம்பார் பொடியோட காரம் எவ்வளவுன்னு பதிஞ்சிருக்கு. எத்தனை ஸ்பூன் போட்டா அவங்க வீட்டுக்காரருக்கு பிடிக்கும், எத்தனை போட்டா குழந்தை தட்டை தள்ளிரும்னு கைக்கு பழகியிருக்கு. அவங்களுக்கு "புத்தம் புதிய"ன்னு சொன்னா, அந்த பழக்கத்துக்கு ஏதோ ஆகப்போகுதுன்னுதான் காதுல விழும். அவங்க அப்படி நெனைக்க காரணமும் இருக்கு. கடையில வாங்கற சோப்புல இருந்து டீத்தூள் வரைக்கும் "புதிய"ன்னு கவர்ல எழுதி வந்தா பாக்கெட் சின்னதாயிருக்கும், இல்ல வாசனை மாறியிருக்கும், இல்ல விலை ஏறியிருக்கும். எங்க அம்மாவே அப்படி ஒரு பிராண்டை விட்டவங்கதான்.

அதனால ரெண்டாவது மெசேஜ்ல முதல் வரி எதுன்னு அன்னைக்கே முடிவாயிருச்சு. நீங்க வாங்கற சாம்பார் பொடி அப்படியேதான் இருக்கு, அளவும் மாறல, விலையும் மாறல. புது பொடியோட பேரே அதுக்கப்புறம்தான். இதை முதல் வரியா வைக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, வாட்ஸப்ல நீளமான மெசேஜ் பாதியில மடிஞ்சு "மேலும் படிக்க"ன்னு நின்னுரும், அதை அமுக்கி படிக்கறவங்க கம்மி, நோட்டிபிகேஷன்ல தெரியறதோ முதல் ஒண்ணு ரெண்டு வரிதான். கடைசியில "குறிப்பு: பழைய பொடியும் கிடைக்கும்"னு போட்டா அந்த பயத்தோடயே பாதி பேர் போனை வெச்சிருவாங்க.

மூணு ஸ்பூனுக்கு ரெண்டு

பென்னாகரத்து அம்மாவோட கேள்விக்கு பதில் தேடத்தான் நான் தராசை எடுத்து உக்காந்தேன். எங்க வீட்டு டீஸ்பூன் குவிச்சு எடுத்தா சாம்பார் பொடி 4 கிராம் பிடிக்குது. அன்னைக்கே பக்கத்துல நாலு வீட்டுல பொடி டப்பாவுக்குள்ள கெடக்கற ஸ்பூனை வாங்கிட்டு வந்து அளந்து பாத்தேன். 3 கிராம் ஒண்ணு, 5 கிராம் ஒண்ணு, 6 கிராம் ஒண்ணு, கடைசியா ஒரு பழைய எவர்சில்வர் ஸ்பூன் 11 கிராம். நாலு பேருமே அதை ஸ்பூன்னுதான் சொல்றாங்க. போஸ்டர்ல நான் "அரை லிட்டர் குழம்புக்கு 3 ஸ்பூன்"னு எழுதியிருந்தேன்னு வைங்க, ஒரு வீட்டுல 9 கிராம் விழும், இன்னொரு வீட்டுல 33 கிராம் விழும். ரெண்டாவது வீட்டுல அந்த குழம்பை யாரும் வாயில வைக்க முடியாது, அதோட அந்த பொடிக்கு ஆயுசு முடிஞ்சுது, அவங்க திரும்ப வாங்கவே மாட்டாங்க, காரணத்தையும் சொல்ல மாட்டாங்க.

அம்மாதான் வழி சொன்னாங்க. அவங்க ஸ்பூன் எதுவா இருந்தா நமக்கென்ன, சாம்பார் பொடிக்கு போடறதுல எவ்வளவு குறைக்கணும்னு சொல்லு, அது போதும்னாங்க. சரின்னு ரெண்டு பொடியோட கணக்கையும் நோட்டுல எழுதினேன். எங்க சாம்பார் பொடி ஒரு ஈடுக்கு மல்லி 1 கிலோ, மிளகாய் அரை கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் சேர்த்து 300 கிராம், சீரகம் 75, மிளகு 50, மஞ்சள் 50, வெந்தயம் 25. எல்லாம் சேர்த்தா 2 கிலோ. அதுல மிளகாய் கால்வாசி. மீன் குழம்பு பொடியில பருப்பே கெடையாது, மீன் குழம்புக்கு புளியும் காரமும்தான் முன்னாடி நிக்கணும், பருப்பு விழுந்தா குழம்பு மாவு கரைச்ச மாதிரி கெட்டியாகி ருசி மந்தமாயிரும்னு அம்மா சொல்லுவாங்க. அந்த பருப்பு இருந்த இடத்துல மிளகாய் ஏறுது: மல்லி 1 கிலோ, மிளகாய் 800 கிராம், மிச்சதெல்லாம் அதே அளவு. மொத்தம் அதே 2 கிலோ, ஆனா 100 கிராம் பொடியில மிளகாய் 25 கிராம் இருந்த இடத்துல 40 கிராம். அப்ப சாம்பார் பொடி மூணு ஸ்பூன் போட்டா எவ்வளவு காரம் விழுதோ, மீன் குழம்பு பொடி ரெண்டு ஸ்பூன்லயே கிட்டத்தட்ட அது விழுந்துரும். மூணுக்கு ரெண்டு. அந்த 11 கிராம் ஸ்பூன் வீட்டுலயும் மூணுக்கு ரெண்டுதான், 3 கிராம் ஸ்பூன் வீட்டுலயும் மூணுக்கு ரெண்டுதான்.

இது எனக்கு பெரிய விஷயமா பட்டுச்சு, இன்னமும் படுது. ஏற்கனவே வாங்கறவங்களுக்கு எழுதறப்ப நம்மகிட்ட ஒரு அளவுகோல் இருக்கு, அது அவங்க வீட்டு அடுப்பு மேடையிலயே இருக்கு, அதை விட்டுட்டு மணமணக்கும், சுவையானன்னு எழுதறோம். "காரம் மிதமானது"ன்னு எழுதினா யாருக்கு மிதம்? நம்ம சாம்பார் பொடியைவிட தூக்கல், நம்ம சாம்பார் பொடி மாதிரியே, அதுல பாதி, இப்படி எழுதினா வாங்கற 300 பேருக்கும் ஒரே மாதிரி புரியும். கறிக்குழம்பு பொடிக்கு அதே அளவு போடலாம், பட்டை லவங்கம் வாசம் மட்டும் கூட வரும். கொள்ளு ரசப்பொடி சாம்பார் பொடியில பாதி போட்டா போதும், அதுல மிளகும் சீரகமும்தான் பேசும். பென்னாகரத்துக்கு அன்னைக்கு சாயங்காலமே போன் பண்ணி, உங்க ஸ்பூன்லயே மூணுக்கு பதிலா ரெண்டு போடுங்கம்மான்னு சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேனே"ன்னாங்க.

கூடவே உப்பு. கடையில வாங்கற சில மசாலாவுல உப்பு சேர்ந்தே வரும், எங்க பொடி எதுலயும் கெடையாது. சாம்பார் பொடியில இல்லன்னு பழகினவங்களும் மசாலான்னு பேர் மாறினதும் சந்தேகப்படறாங்க, மூணு பேர் கேட்டாங்க. அப்புறம் ஒரு அக்கா, ஓசூர்ல இருக்கறவங்க, வீட்டுல சுத்த சைவம், "மீன் குழம்பு பொடியில மீன் சேர்த்திருக்கீங்களா, அதே பாத்திரத்துல சாம்பார் பொடி வறுக்கறீங்களா"ன்னு கேட்டாங்க. சிரிக்கற கேள்வி இல்ல இது, கருவாட்டுப் பொடி, எறா பொடின்னு நம்ம ஊர்லயே விக்கறாங்க, அவங்க கேட்டது நியாயம். பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருக்கு, ஆனா போஸ்டர்ல பாக்கெட்டை பொடிசா போட்டதால அது தெரியல. மூணுமே சைவம்னு ஒரு வரி போட்டிருந்தா அவங்களுக்கு அந்த சங்கடமே வந்திருக்காது.

கொள்ளு வரியை எடுத்தது

முதல் மெசேஜ்ல நான் ரொம்ப சந்தோஷமா எழுதினது "கொழுப்பைக் கரைக்கும்"ங்கற வார்த்தைதான். கொழுத்தவனுக்கு கொள்ளுன்னு பழமொழியே இருக்கு, நம்ம பக்கம் களிக்கு கொள்ளு கடைஞ்சு ஊத்தி சாப்பிட்டு வளர்ந்தவங்கதான் எல்லாரும், அதனால அது தப்புன்னே எனக்கு தோணல. பெங்களூர்ல வேலை பாக்கற ஒரு அண்ணன், சொந்த ஊர் காரிமங்கலம் பக்கம், பதில் போட்டிருந்தாரு: "அம்மாவுக்கு கொலஸ்ட்ரால் மாத்திரை ஓடுது, இந்தப் பொடி தினமும் எடுத்தா மாத்திரையை குறைச்சுக்கலாமான்னு கேக்கறாங்க."

அதைப் படிச்சதும் எனக்கு கை நடுங்கிருச்சு. அந்த அம்மா எங்களை நம்பறாங்க, பல வருஷமா எங்க பொடி சாப்பிடறாங்க, அந்த நம்பிக்கையிலதான் கேக்கறாங்க. நான் உடனே போன் பண்ணி, அண்ணா இது வெறும் ரசப்பொடி, மாத்திரையை டாக்டர் சொல்லாம ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு சொன்னேன். அப்புறம் உணவுப் பாதுகாப்பு விதிகளை எடுத்து படிச்சேன். சாப்பாட்டுப் பொருள் ஒரு நோயை குணமாக்கும்னு விளம்பரத்துல சொல்லக்கூடாதுன்னு 2018ல வந்த விளம்பர விதிகள்ல இருக்கு, தப்பா வழிகாட்டற விளம்பரத்துக்கு 2006 சட்டத்தோட 53ஆவது பிரிவுல 10 லட்சம் வரைக்கும் அபராதம் உண்டு. இயற்கை, பாரம்பரியம்னு நம்ம அள்ளி விடற வார்த்தைகளுக்கும் அந்த விதிகள்ல கட்டுப்பாடு இருக்கு. வாட்ஸப்ல அனுப்பறதுதானே, இது என்ன விளம்பரமான்னு நெனைக்கறவங்க இருக்காங்க, 300 பேருக்கு விலையோட அனுப்பினா அது விளம்பரம்தான். ஆனா உண்மையை சொல்லணும்னா அபராதத்துக்கு பயந்து நான் அந்த வரியை எடுக்கல, அந்த அம்மாவுக்காக எடுத்தேன்.

கொள்ளு ரசப்பொடியிலயே இன்னொண்ணு இருந்துச்சு. இந்த மூணுல அதுல மட்டும்தான் பெருங்காயம் சேருது, கடையில வாங்கற கட்டிப் பெருங்காயம். அந்த டப்பாவை திருப்பி படிச்சு பாத்தா மைதா இருக்குன்னு எழுதியிருக்கும், நிறைய பெருங்காயத்துல பெருங்காயத்தைவிட மாவும் கோந்தும்தான் ஜாஸ்தி. கோதுமை ஒத்துக்காத ஒரு பையன் இருக்கற வீடு எங்க லிஸ்ட்ல இருக்கு, அவங்க சாம்பார் பொடியில பெருங்காயம் இல்லன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டுதான் வாங்க ஆரம்பிச்சாங்க. பழைய பொடி ஒத்துக்கிச்சு, அதனால இவங்க பொடி எல்லாமே ஒத்துக்கும்னு அவங்க நெனைச்சிருந்தா? மைதா சேராத பெருங்காயம் வாங்கி போட்டிரலாமான்னு அம்மா கேட்டாங்க. போட்டாலும் "கோதுமை இல்லாதது"ன்னு என்னால எழுத முடியாது, ஏன்னா நாங்க அரைக்கற மில்லுல மசாலாவுக்கு தனி மிஷின் இருந்தாலும் ஒரு கை தள்ளி கோதுமை மாவு மிஷின் ஓடிட்டு இருக்கும், மாவு பறந்து வந்து நம்ம தூக்கு மேலயே படியும், கண்ணால பாக்கலாம். அதனால இல்லன்னு சொல்லாம, இருக்குன்னு சொல்லிட்டேன். அந்த வீட்டுக்கு தனியா போன் பண்ணி மில்லு விஷயத்தையும் சேர்த்து சொன்னேன், சாம்பார் பொடிக்கும் அதே மில்லுதான்னு. அவங்க யோசிச்சு சொல்றேன்னாங்க, ஒரு வாரம் கழிச்சு இவ்ளோ நாளா பையனுக்கு ஒண்ணும் ஆகல, சாம்பார் பொடி தொடரட்டும்னு சொன்னாங்க. அந்த ஒரு வாரம் எனக்கு சரியா தூக்கம் இல்ல.

யாருக்கு போச்சு, எப்ப போச்சு

இன்னொரு விஷயம் ரொம்ப நாள் கழிச்சுதான் கண்ணுல பட்டுச்சு. எங்ககிட்ட 312 நம்பர் இருக்கு. வாட்ஸப் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒண்ணுல 256 பேருக்கு மேல சேர்க்க முடியாது, அதனால ரெண்டு லிஸ்ட்டா போட்டேன். அனுப்புன மெசேஜை அழுத்திப் பிடிச்சு அதோட தகவலை பாத்தா யாருக்கு போய் சேந்துச்சுன்னு பேர் பேரா காட்டும். கூட்டி பாத்தேன், 190 சொச்சம் பேருக்குத்தான் போயிருக்கு. மிச்சம் 120 பேருக்கு போகவே இல்ல, ஏன்னா பிராட்காஸ்ட் மெசேஜ் நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிருந்தாத்தான் போகும். அந்த 120 பேர் யாருன்னு பாத்தா, பெரும்பாலும் போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தையில வாங்கிட்டு நம்பர் குடுத்துட்டு போனவங்க. அவங்க நம்பர் என்கிட்ட இருக்கு, என் நம்பர் அவங்ககிட்ட இல்ல. எல்லாரையும் ஒரு குரூப்ல போட்டிரலாம்னு என் தம்பி சொன்னான், குரூப்ல போட்டா ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு தெரியும், பொடி வாங்க குடுத்த நம்பரை அப்படி பரப்ப எனக்கு மனசு வரல. அப்புறம் அந்த மாசம் போன ஒவ்வொரு பார்சல்லயும் ஒரு துண்டு சீட்டு வெச்சோம், இந்த நம்பரை "பொடி அக்கா"ன்னு சேவ் பண்ணிக்கங்க, புதுசா ஏதாவது வந்தா சொல்றோம்னு. ரெண்டாவது தடவை 243 பேருக்கு போச்சு. பட்டன் போன் வெச்சிருக்கற முப்பது சொச்சம் பேருக்கு எஸ்எம்எஸ் போட பாத்தேன், தமிழ்ல ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான், அதுலயும் கொள்ளுன்னு எழுதினா நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, அது ஆறா எண்ணுது. விட்டுட்டு அம்மாவே ஒவ்வொருத்தரா போன்ல பேசினாங்க, ஆர்டர் விகிதம் பாத்தா அதுதான் எல்லாத்தையும்விட நல்லா போச்சு.

நாள் பாக்காம அனுப்புனதுதான் அம்மா இன்னைக்கும் சொல்லிக் காட்டறது. புரட்டாசியில பாதி வீட்டுல கவுச்சியே கெடையாது, சனிக்கிழமை விரதம், தளிகை, அந்த மாசத்துல போய் மீன் குழம்பு பொடி, கறிக்குழம்பு பொடின்னு அனுப்பியிருக்கேன். அனுப்பறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா போதும். ரெண்டாவது மெசேஜுக்கு நாங்க புரட்டாசி முடிஞ்சு, தீபாவளிக்கு முன்னாடி ஒரு வாரத்தை பிடிச்சோம், தீபாவளிக்கு கறி எடுக்காத வீடு நம்ம பக்கம் கம்மி. கிழமையும் மாத்தினோம். ஞாயித்துக்கிழமை குழம்புக்கு பொடி வேணும்னா வியாழக்கிழமை சொல்லி பிரயோஜனம் இல்ல, எங்க வேலையே மூணு நாள் பிடிக்கும். மிளகாயும் மல்லியும் வெயில்ல காய வெச்சு, வறுத்து, மில்லுக்கு கொண்டு போய் அரைச்சா, மிஷின்ல இருந்து பொடி கை வைக்க முடியாத சூட்டுல வரும். அதை அப்படியே பாக்கெட்ல போட்டா உள்ள வேர்த்து கவர்ல முத்து முத்தா தண்ணி நிக்கும், நாலு நாள்ல பொடி கட்டி பிடிக்கும், அப்புறம் பூசணம். வேட்டித்துணியில பரப்பி ராத்திரி முழுக்க ஆற விட்டு, மறுநாள் சலிச்சுதான் அடைக்கணும். முதல் மெசேஜ்ல "உடனே அனுப்பப்படும்"னு இல்லாம போனது ஏதோ புண்ணியம்.

ரெண்டாவது மெசேஜ்

போஸ்டரை விட்டுட்டோம். படத்துக்குள்ள விலை எழுதினா பெரியவங்களால படிக்க முடியல, சில பேர் போன்ல படம் தானா இறங்கறதும் இல்ல. பொடி மூணையும் தட்டுல கொட்டி, பக்கத்துல எங்க சாம்பார் பொடியும் வெச்சு, காலை வெயில்ல ஒரே ஒரு போட்டோ எடுத்தோம், நெறம் எவ்ளோ வித்தியாசம்னு தெரியற மாதிரி. மெசேஜ் இது, ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் போச்சு:

"வணக்கம், பாலக்கோடு பொடி அக்கா. நீங்க வாங்கற சாம்பார் பொடி அப்படியேதான் இருக்கு. அளவும் மாறல, விலையும் மாறல.

அதுகூட இப்ப மூணு பொடி அரைக்கறோம்.

மீன் குழம்பு பொடி: பருப்பு கிடையாது, சாம்பார் பொடியைவிட காரம் ஜாஸ்தி. சாம்பார் பொடி 3 ஸ்பூன் போடற இடத்துல இது 2 போதும்.

கறிக்குழம்பு பொடி: காரம் சாம்பார் பொடி அளவுதான், அதே அளவு போடுங்க. பட்டை, லவங்கம் வாசம் இருக்கும்.

கொள்ளு ரசப்பொடி: மிளகு, சீரகம் தூக்கல். சாம்பார் பொடி போடறதுல பாதி போதும். இதுல சேர்க்கற பெருங்காயத்துல மைதா இருக்கு, கோதுமை ஒத்துக்காதவங்க வாங்க வேண்டாம்.

மூணுமே சைவம். எதுலயும் உப்பு இல்ல.

இப்போதைக்கு 50 கிராம் பாக்கெட் மட்டும், ஒண்ணு 40 ரூபாய். ரெண்டு மூணு தடவை சமைச்சு பாக்கலாம். ஒவ்வொண்ணுலயும் 35 பாக்கெட்தான் அரைக்கறோம்.

நாளைக்கு ராத்திரிக்குள்ள சொன்னா வியாழக்கிழமை அரைச்சு சனிக்கிழமை அனுப்பறோம். சாம்பார் பொடியோட சேர்த்து கேட்டா ஒரே பார்சல்ல வரும். பொடி பேரும் எத்தனைன்னும் இதுலயே பதில் போடுங்க.

இந்த மாதிரி மெசேஜ் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, இனிமே அனுப்ப மாட்டோம்."

35ங்கற கணக்கு சும்மா போட்டது இல்ல. 2 கிலோ ஈடு அரைச்சா வறுக்கறதுல, மிஷின்ல ஒட்டறதுல, சலிக்கறதுல கொஞ்சம் போயிரும், கைக்கு 1900 கிராம் கிட்ட வரும், அதுல உடைஞ்சது, வீட்டுக்குன்னு போக 35 பாக்கெட் நிச்சயமா குடுக்கலாம். சின்ன பாக்கெட்டா இருந்தாலும் அரைச்ச தேதி, ஈடு நம்பர், 14 இலக்க உரிம எண் எல்லாம் அதுலயும் இருக்கணும், லேபிள் அடிக்கவே பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் ஆச்சு, அதனால 40 ரூபாய்ல எங்களுக்கு பெருசா நிக்கல. ஆனா காசு குடுத்து கால் கிலோ வாங்கி, காரம் ஒத்துக்காம பரண்ல ஏத்தி வைக்கறதுக்கு 50 கிராம் வாங்கி பாக்கறது அவங்களுக்கு நல்லது.

மீன் குழம்பு பொடி மறுநாள் மத்தியானமே முடிஞ்சுது. கறிக்குழம்பு 31 போச்சு. கொள்ளு ரசப்பொடி 12தான், கொழுப்பைக் கரைக்கும்னு போட்டிருந்தா இன்னும் போயிருக்கும்னு தம்பி சொன்னான், போயிருக்கும்தான். ஏழு பேர் மெசேஜ் வேண்டாம்னு சொன்னாங்க, எடுத்துட்டேன், அதுல அஞ்சு பேர் இன்னமும் சாம்பார் பொடி வாங்கறாங்க. பழைய பொடி நின்னு போச்சான்னு ஒருத்தர்கூட கேக்கல.

தீபாவளி முடிஞ்ச ஞாயித்துக்கிழமை பென்னாகரத்து அம்மா பேரன் போன்ல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பின்னாடி கரண்டி சத்தம் கேக்குது. "பாப்பா, ஒகேனக்கல்ல இருந்து மீனு வாங்கியாந்தான். நீ சொன்ன மாதிரி ரெண்டு போட்டேன். எங்க பேரனுக்கு அதுவும் காரமாத்தான் இருக்குது, அடுத்த தடவை ஒன்றரை போடறேன். சாம்பார் பொடி தீரப் போவுது, அரை கிலோ சேத்து வெச்சு அனுப்பு."